மாவுக் கயிறும் செம்புக் கம்பியும்

சப்பாத்தி மாவில் ஓர் உருண்டையைப் பலகையில் வைத்து உள்ளங்கையால் உருட்டுங்கள். பத்து சென்டிமீட்டர் கயிறாக வரும். இன்னும் உருட்டி இருபது சென்டிமீட்டர் ஆக்குங்கள். மாவு கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனால் கயிறு மெலிந்துவிட்டது. நடுவில் கத்தி வைத்துப் பார்த்தால், வெட்டுமுகத்தின் பரப்பு முன்பிருந்ததில் சரிபாதி.

செம்புக் கம்பியை இரண்டு மடங்கு நீளமாக நீட்டும்போதும் இதுதான் நடக்கிறது. R = ρL/A என்ற சூத்திரத்தில் L இரட்டிப்பாகிறது, A பாதியாகிறது. ஆகவே 10 ஓம் கம்பி 40 ஓம் ஆகிவிடும். தேர்வில் பலர் 20 என்று எழுதுவது A-ஐ மறந்துவிடுவதால்தான். ρ, அதாவது மின்தடை எண், மாறுவதில்லை. அது மாவு கோதுமையா அரிசியா என்பதைப் போன்றது. எப்படி உருட்டினாலும் அரிசி மாவு கோதுமை ஆகாது. பழைய மின்னடுப்பின் நிக்ரோம் கம்பிக்கு ρ செம்பைப் போல அறுபது மடங்குக்கும் மேல்.

உள்ளே என்ன நடக்கிறது? எலக்ட்ரான்கள் அணுக்களில் முட்டி முட்டித் திசை மாறியபடி, மின்னழுத்தம் தள்ளும் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கின்றன. இந்த நகர்வுதான் இழுப்புத் திசைவேகம். 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடும்போது அது நொடிக்கு சுமார் 0.07 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய நான்கு மணி நேரம்! பிறகு எப்படி சுவிட்சைப் போட்டதும் மிக்ஸி சுழல்கிறது? குழாயைத் திறந்ததும் தண்ணீர் கொட்டுகிறதே, தொட்டியிலிருந்து அந்த நொடியில் புறப்பட்ட தண்ணீரா அது? குழாய் முழுக்க ஏற்கெனவே நிறைந்திருந்தது, கம்பி முழுக்க எலக்ட்ரான்கள் நிறைந்திருப்பதைப் போல.

இப்போது நீட்டிய கம்பிக்கு அதே மின்னழுத்தத்தைக் கொடுங்கள். அது இரண்டு மடங்கு நீளத்தில் பரவுவதால் ஒவ்வோர் எலக்ட்ரானுக்கும் கிடைக்கும் தள்ளல் பாதி, வேகமும் பாதி. வழியும் பாதியாகக் குறுகிவிட்டது. பாதியில் பாதி, கால். மின்னோட்டம் கால்பங்கானால் மின்தடை நான்கு மடங்கு என்றுதானே பொருள்?

செம்பைக் கையால் இழுத்து இரண்டு மடங்காக்க முடியாது. அதற்கு முன்பே ஓரிடம் மெலிந்து அறுந்துவிடும். ஆலைகளில் படிப்படியாகச் சிறுக்கும் துளைகளின் வழியே இழுத்துத்தான் மெல்லிய கம்பி செய்கிறார்கள். அப்படி இழுபட்ட செம்பு விறைத்துப்போகும், ρ-வும் ஒரு துளி ஏறும். கணக்கில் அதை விட்டுவிடலாம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. மின்னடுப்பின் சுருளை இழுத்து அகட்டினால் கம்பி நீளாது, சுருள்தான் விரியும். மின்தடை அப்படியே இருக்கும். ஆனால் அறுந்த சுருளில் பத்தில் ஒரு பங்கை வெட்டிவிட்டு இணைத்தால், 230 வோல்ட்டில் 1000 வாட் எடுத்த அடுப்பு 1100 வாட்டுக்கு மேல் எடுக்கும். இருக்கும் கம்பி முன்பைவிட அதிகமாகச் சூடாகி, சீக்கிரமே மறுபடி அறும். புதுச் சுருள் வாங்கிப் போடுங்கள்.