சீட்டு இப்போது யார் கையில்?

ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிறார் அன்பு. மதுரையில் கடை வைத்திருக்கும் பாரிக்கு மே 12 அன்று 60,000 ரூபாய்க்குத் துணி அனுப்புகிறார். பாரியிடம் இப்போது பணம் இல்லை, ஆடி விற்பனை முடிந்தால்தான் கைக்கு வரும். வாய்வார்த்தையை நம்பிக் காத்திருக்க அன்புக்கு மனம் வரவில்லை. 'மூன்று மாதம் கழித்து எனக்கோ நான் சொல்பவருக்கோ 60,000 ரூபாய் கொடுக்கவும்' என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு மதுரைக்கு அனுப்புகிறார். பாரி அதன் குறுக்கே 'ஏற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்புகிறார். இதுதான் மாற்றுச்சீட்டு. பழைய வணிகர்கள் உண்டியல் என்று அழைத்ததும் இதன் உறவுதான்.

வணிகவியல் தேர்வில் இந்தக் கதையைக் கொடுத்து, இருவர் ஏட்டிலும் குறிப்பேட்டுப் பதிவு எழுதச் சொல்வார்கள். பதிவுகளை வரிசையாக மனப்பாடம் செய்த பிள்ளைகள், கேள்வி கொஞ்சம் திரும்பினாலும் தடுமாறுவதை வகுப்பில் பல முறை பார்த்திருக்கிறேன். அவர்களிடம் நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: இந்த நிமிடம் சீட்டு யார் கையில் இருக்கிறது?

துணி போன அன்று அன்பு ஏட்டில் பாரி கணக்கில் 60,000 பற்று, விற்பனைக் கணக்கில் வரவு. அப்போது பாரி ஒரு சாதாரணக் கடனாளி. ஏற்ற சீட்டு அன்பு கைக்கு வந்ததும் அந்தக் கடன் தாளுக்குள் போய்விடுகிறது. ஆகவே அன்பு எழுதுவது:

பெறுவதற்குரிய மாற்றுச்சீட்டு க/கு ப 60,000
 பாரி க/கு 60,000

பாரியின் ஏட்டில் இதன் மறுபக்கம் இருக்கும்:

அன்பு க/கு ப 60,000
 செலுத்துவதற்குரிய மாற்றுச்சீட்டு க/கு 60,000

பாரி இன்னும் ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. ஆனாலும் அன்பின் பேரேட்டில் பாரி கணக்கு தீர்ந்துவிட்டது. கடன் போய்விடவில்லை, கணக்கின் பெயர்தான் மாறியிருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் மேலே போனால், கடைசிப் பதிவில் கட்டாயம் சறுக்கும்.

சீட்டு எப்போது பணமாகும்? மே 12-லிருந்து மூன்று மாதம் என்றால் ஆகஸ்ட் 12. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் அதற்கு மேல் மூன்று சலுகை நாட்கள் தருகிறது. அப்படிப் பார்த்தால் ஆகஸ்ட் 15 வருகிறது, அதுவோ சுதந்திர தினம். தவணை நாள் பொது விடுமுறையில் விழுந்தால் அதற்கு முந்தைய வேலை நாளே தவணை நாள் என்கிறது அதே சட்டம். எனவே ஆகஸ்ட் 14. விடுமுறை என்றாலே அடுத்த நாளுக்குத் தள்ளிப்போடும் பழக்கத்தில் ஆகஸ்ட் 16 என்று எழுதுகிறவர்கள் ஏராளம். கேள்வி தயாரிப்பவர்கள் மே 12-ஐத் தேடிப் பிடிப்பதே இதற்காகத்தான்.

ஜூன் 14 அன்று அன்புக்கு நூல் வாங்கப் பணம் தேவைப்படுகிறது. சீட்டின் பின்பக்கம் கையெழுத்திட்டு வங்கியில் கொடுக்கிறார். வகுப்பில் டிஸ்கவுண்ட் என்றும் புத்தகத்தில் தள்ளுபடி என்றும் சொல்வது இதைத்தான். வங்கி ஆண்டுக்கு 12 சதவீதம் பிடிக்கிறது. எத்தனை மாதத்துக்கு? சீட்டு மூன்று மாதச் சீட்டுதான். ஆனால் வங்கி காத்திருக்கப்போவது ஜூன் 14 முதல் ஆகஸ்ட் 14 வரை, அதாவது இரண்டே மாதம். 60,000-க்கு 12 சதவீதத்தில் இரண்டு மாத வட்டி 1,200 ரூபாய். மூன்று மாதத்துக்குக் கணக்கிட்டு 1,800 என்று எழுதினால், சீட்டு அன்பு கையில் சும்மா கிடந்த நாட்களுக்கும் வங்கிக்கு வட்டி கொடுத்ததாக ஆகிவிடும்.

வங்கி க/கு ப 58,800
தள்ளுபடி க/கு ப 1,200
 பெறுவதற்குரிய மாற்றுச்சீட்டு க/கு 60,000

இதே நாளில் பாரியின் ஏட்டில் என்ன பதிவு? ஒன்றும் இல்லை. தவணை நாளில் சீட்டைக் கொண்டுவருகிறவருக்கு 60,000 கொடுக்க வேண்டும் என்பதே அவர் ஏற்ற பொறுப்பு. அது ஈரோட்டில் இருக்கிறதா, வங்கியில் இருக்கிறதா என்பது அவர் கணக்கைத் தொடாது. 'பதிவு இல்லை' என்று எழுத மாணவர்களுக்குக் கை வருவதில்லை. எதையாவது எழுதிவிட்டு மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

ஆனால் அன்பு முழுதாக விடுபடவில்லை. பின்பக்கக் கையெழுத்து அவருடையது. பாரி தராவிட்டால் வங்கி இவரிடம்தான் வரும். சீட்டு வங்கியில் இருக்கும்போது மார்ச் 31 குறுக்கிட்டால், அந்தத் தொகையை இருப்புநிலைக் குறிப்பின் அடியில், வந்தால் வரக்கூடிய பொறுப்பாகக் காட்ட வேண்டும். நம் கதையில் ஆண்டு முடிவு குறுக்கே வரவில்லை.

ஆகஸ்ட் 14. ஆடி விற்பனை எதிர்பார்த்தபடி நடக்கவில்லை, பாரியால் பணம் தர முடியவில்லை. வங்கி சீட்டை நோட்டரியிடம் கொண்டுபோய், பணம் மறுக்கப்பட்டதைப் பதிவு செய்கிறது. அதற்குச் செலவு 200 ரூபாய். பிறகு மொத்தத்தையும் அன்பின் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

பாரி க/கு ப 60,200
 வங்கி க/கு 60,200

இந்த இரண்டு வரியில்தான் அதிகப் பிழைகள் நேர்கின்றன. முதல் பிழை, பெறுவதற்குரிய மாற்றுச்சீட்டுக் கணக்கில் வரவு வைப்பது. அந்தக் கணக்கு ஜூன் 14 அன்றே தீர்ந்துவிட்டது. இல்லாத சீட்டை மறுபடி எப்படி வெளியேற்றுவது? இரண்டாவது, அன்பு வாங்கியது 58,800 தானே என்று அதையே திருப்பிக் கொடுப்பது. வங்கி இரண்டு மாதம் பணத்தைக் கொடுத்து வைத்திருந்தது. அந்த 1,200 அதற்கான வட்டி. சீட்டு மறுக்கப்பட்டதால் அது திரும்பி வராது, அன்பின் செலவாகவே நிற்கும். மூன்றாவது, 200 ரூபாயை அன்பின் செலவாக எழுதுவது. வங்கி அதை அன்பிடம் பிடித்தாலும் தவறியவர் பாரிதான். அதனால் அது அவர் கடனோடு சேர்கிறது.

பாரியின் ஏட்டில்:

செலுத்துவதற்குரிய மாற்றுச்சீட்டு க/கு ப 60,000
குறிப்புச் செலவு க/கு ப 200
 அன்பு க/கு 60,200

கேள்வியைச் சற்று மாற்றிப் பார்ப்போம். அன்பு டிஸ்கவுண்ட் செய்யாமல் சீட்டைத் தன் பெட்டியிலேயே வைத்திருந்தால்? அப்போது பாரிக்குப் பற்று அதே 60,200 தான். ஆனால் சீட்டு அன்பு கையிலேயே இருப்பதால் பெறுவதற்குரிய மாற்றுச்சீட்டுக்கு 60,000 வரவு, நோட்டரிக்குக் கொடுத்த 200 ரொக்கக் கணக்கில் வரவு. சீட்டை நூல் வியாபாரி ஒருவருக்கு மேலெழுதிக் கொடுத்திருந்து, அவரே நோட்டரிச் செலவையும் செய்திருந்தால், 60,200 முழுவதும் அந்த வியாபாரியின் கணக்கில் வரவு. பாரியின் ஏட்டிலோ மூன்று நிலையிலும் மேலே உள்ள பதிவேதான். ஓர் எழுத்தும் மாறாது.

எழுதி முடித்ததும் இரண்டு பேரேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அன்பின் ஏட்டில் பாரி கணக்கு: பற்று 60,000, வரவு 60,000, மீண்டும் பற்று 60,200. பாரியின் ஏட்டில் அன்பு கணக்கு: கொள்முதலுக்கு வரவு 60,000, சீட்டை ஏற்றபோது பற்று 60,000, மறுப்புக்குப் பின் வரவு 60,200. ஒன்றில் பற்று இருப்பு, மற்றதில் வரவு இருப்பு, தொகை ஒன்றே. இரண்டு எண்களும் ஒத்துவராவிட்டால், 1,200-ஐயோ 200-ஐயோ தவறான ஆளின் தலையில் கட்டியிருக்கிறோமா என்று முதலில் தேட வேண்டும்.