அடையிலிருந்து அவியலுக்கு

கூகுளில் தேடி, ஒரு சமையல் தளத்தின் அடை செய்முறைக்கு நேராக வந்து சேரும் வாசகர் அதன் முகப்பைப் பார்த்திருக்கவே மாட்டார். பக்கத்தின் மேலே ‘முகப்பு › சிற்றுண்டி › தோசை வகைகள் › அடை’ என்று ஒரு வரி இருந்தால், எங்கே வந்திருக்கிறோம் என்பது அவருக்குப் புரிந்துவிடும். இதற்குப் பெயர் பிரெட்கிரம்ப்.

கடைசிச் சொல்லைத் தவிர மற்றவை இணைப்புகளாக இருக்கும். முகவரியில் உள்ள கோப்புறைகளை அப்படியே அடுக்குவதைவிட, வாசகர் வழக்கமாக வரும் பாதையைக் காட்டுவதே நல்லது. அதே பாதையை `BreadcrumbList` என்ற குறிப்பாகவும் பக்கத்துக்குள் எழுதினால், எது எதற்குள் அடங்கும் என்பது தேடுபொறிக்குத் தெளிவாகும். 2025 ஜனவரியில் கைபேசித் தேடல் முடிவுகளில் இந்தப் பாதையைக் காட்டுவதைக் கூகுள் கைவிட்டது. கணினியில் அது தொடரும் என்று அறிவித்தது.

பிரெட்கிரம்ப் மேல்நோக்கி அழைத்துப் போகிறது. கீழே வரும் ‘தொடர்புடைய பதிவுகள்’ பக்கவாட்டில் அழைத்துப் போகிறது. அடைக்குக் கீழே அவியலும் மிளகாய்ப்பொடியும் வருவதுதான் பொருத்தம். பல தளங்களில் அங்கே புதிதாக வெளியானவையே வரிசைகட்டுகின்றன; பழைய செய்முறைகளுக்கு இணைப்பு தர ஒரு பக்கமும் இல்லாமல் போகிறது.

இன்னொரு கோளாறு கண்ணில் படாது. ‘மேலும் காட்டு’ பொத்தானை அழுத்தினால்தான் பட்டியல் தோன்றும் என்றால், கூகுள்பாட் அதை அழுத்துவதில்லை. சர்ச் கன்சோலின் யூஆர்எல் ஆய்வில் பக்கத்தைச் சோதித்து, கிடைக்கும் எச்டிஎம்எல்லில் `<a href="/aviyal">` போன்ற வரி இருக்கிறதா என்று தேட வேண்டும். இல்லையென்றால், அந்தப் பட்டியல் வழியாக அவியல் பக்கத்தைக் கூகுளால் கண்டுபிடிக்க முடியாது.