மருத்துவப் பதிவுகள் திருடப்பட்டதாக அறிவிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும்?

உங்கள் தகவல்கள் திருடப்பட்டதாக மருத்துவமனை அறிவித்தால், அவ்வறிவிப்பில் மூன்று விவரங்களைத் தேடுங்கள்: எவை எடுக்கப்பட்டன, எவை எடுக்கப்படவில்லை, பதிவுகள் மாற்றப்பட்டனவா. சிங்கப்பூரின் சிங்ஹெல்த் குழுமத்தில் 2018ஆம் ஆண்டு நிகழ்ந்த இணையத் தாக்குதல் இதை விளக்கும்.

என்ன நடந்தது?

அவ்வாண்டு ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை, ஊடுருவியவர்கள் சுமார் 1.5 மில்லியன் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பாலினம், இனம், பிறந்த தேதி ஆகியவற்றைப் படியெடுத்தனர். அவர்களுள் ஏறக்குறைய 160,000 பேருக்கு வழங்கப்பட்ட மருந்துகளின் விவரமும் எடுக்கப்பட்டது. ஜூலை 20 அன்று இது பொதுமக்களுக்கு அறிவிக்கப்பட்டது.

நோயறிதல், பரிசோதனை முடிவுகள், மருத்துவர் குறிப்புகள் ஆகியவை எடுக்கப்படவில்லை. எந்தப் பதிவும் திருத்தப்படவோ அழிக்கப்படவோ இல்லை.

இதனால் உங்களுக்கு என்ன பாதிப்பு?

பதிவுகள் மாற்றப்படவில்லை என்றால், மருத்துவர் காணும் விவரங்கள் முன்பிருந்தவையே. ஆகவே மருந்தையோ சந்திப்பையோ நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் படியெடுக்கப்பட்ட தகவலைத் திரும்பப் பெற இயலாது. கடவுச்சொல்லை மாற்றலாம், பிறந்த தேதியை மாற்ற முடியாது.

அதனால் மோசடிக்காரர் ஒருவர் உங்கள் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் சரியாகக் கூறி, மருத்துவமனையிலிருந்து அழைப்பதாகச் சொல்லக்கூடும். அவ்விவரங்களை அறிந்திருப்பது அவர் மருத்துவமனை ஊழியர் என்பதற்குச் சான்றாகாது. சிங்ஹெல்த் நோயாளிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பிய நாள்களிலேயே, தொலைபேசி எண்களும் நிதி விவரங்களும் திருடப்பட்டதாகக் கூறும் போலிச் செய்தியும் பரவியது. உண்மையில் அவை எடுக்கப்படவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. செய்தியில் உள்ள இணைப்பைத் திறக்காதீர்கள். மருத்துவமனையின் இணையத்தள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, அறிவிப்பு உண்மையா என உறுதிப்படுத்துங்கள்.
2. யாரேனும் அழைத்து வங்கி விவரத்தையோ ஒருமுறைக் கடவுஎண்ணையோ கேட்டால் அழைப்பைத் துண்டியுங்கள். பின்னர் உங்கள் சந்திப்பு அட்டையில் அச்சிடப்பட்டுள்ள எண்ணுக்கு அழைத்து விசாரியுங்கள்.
3. அடையாள அட்டை எண்ணையோ பிறந்த தேதியையோ எங்கேனும் கடவுச்சொல்லாக வைத்திருந்தால் உடனே மாற்றுங்கள்.
4. உங்கள் மருந்து விவரமும் எடுக்கப்பட்டிருந்தால், அம்மருந்தின் பெயரைக் குறிப்பிட்டு மாற்று மருந்து விற்க முன்வருபவரை நம்பாதீர்கள்.
5. பணத்தையோ வங்கி விவரத்தையோ ஏற்கெனவே கொடுத்துவிட்டால், தாமதிக்காமல் முதலில் வங்கிக்கும் பின்னர் காவல்துறைக்கும் தெரிவியுங்கள்.

பராமரிப்பாளர்களுக்கு

முதியவர் தொலைபேசியில் தனியாகப் பதிலளிப்பவராயின், மருத்துவமனையின் சரியான எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசியின் அருகில் ஒட்டிவையுங்கள். மருத்துவமனையின் பெயரில் யார் அழைத்தாலும், அழைப்பைத் துண்டித்துவிட்டு அந்த எண்ணுக்கே அழைக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லிவையுங்கள்.