மணி அடித்தால் யாரையும் கேட்காதீர்கள்

இரவு ஷிஃப்ட் ஆட்களுக்கான மாதாந்திரத் தீ ஒத்திகையில் பாதுகாப்பு அதிகாரி முதலில் பேச வேண்டியது தீயணைப்பானைப் பற்றி அல்ல, வாசலைப் பற்றி. ஒரு நூற்பாலையில் அந்தப் பேச்சு இப்படி இருக்கலாம்:

"2012 நவம்பர் 24 மாலை, டாக்கா பக்கத்துல தஸ்ரீன் ஆடை ஆலையில தீ மணி அடிச்சுது. மேலாளர்கள் தொழிலாளர்களைத் திரும்ப வேலைக்கு அனுப்பினாங்க. நூற்றுக்கும் மேற்பட்டவங்க செத்துப்போனாங்க. அதனால மணி அடிச்சா யாரையும் கேட்காதீங்க. மிஷினை நிறுத்துங்க, பையைத் தேடாதீங்க, புகைன்னா குனிஞ்சு போங்க. வெளியே வருகைப் பதிவேட்டை வெச்சுப் பேர் கூப்பிடுவோம். கழிவறைக்குப் போனவங்க, டீக்குப் போனவங்க பேர்தான் விட்டுப்போகும். பக்கத்து மிஷின்காரர் இல்லைன்னா உடனே சொல்லுங்க, நீங்களே தேட உள்ளே ஓடாதீங்க."

இன்றிரவு வேலையைத் தொடங்குமுன், உங்கள் பக்கத்து அவசர வழிக் கதவை ஒருமுறை தள்ளித் திறந்து பாருங்கள்.