தீர்மானத்தில் விட்டுப்போன வார்த்தைகள்

கோவையில் பம்பு உதிரிபாகங்கள் செய்யும் ஒரு சிறிய பிரைவேட் லிமிடெட் கம்பெனி இருப்பதாக வைத்துக்கொள்வோம். இயக்குநர்கள் மூன்று பேர். அவர்களில் மூத்தவர் விலகுகிறார். அவரும் நிர்வாக இயக்குநரும் சேர்ந்துதான் இதுவரை காசோலைகளில் கையெழுத்திட்டு வந்தார்கள். அந்த ஏற்பாட்டை மாற்ற 2025 ஜூலை 10 அன்று இயக்குநர் குழு கூடுகிறது. அரை மணி நேரம் பேசி, மூவரும் ஒத்துக்கொண்டு, குறிப்பேட்டில் இப்படி எழுதுகிறார்கள்: “கம்பெனியின் வங்கி விவகாரங்களை இனி நிர்வாக இயக்குநர் கவனித்துக்கொள்ளலாம் என்று பேசி முடிவு செய்யப்பட்டது.”

அறையில் இருந்த மூவருக்கும் இது தெளிவாகத்தான் இருந்திருக்கும். ஆனால் இந்த வரியை வைத்து வேலை செய்ய வேண்டியவர் அந்த அறையில் இல்லை. அவர் வங்கிக் கிளையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி. அவர் கைக்கு மினிட்ஸ் புத்தகம் போகாது. அதிலிருந்து எடுத்து, சான்றளித்த ஒரு பக்க நகல்தான் போகும். அவர் கேட்கப்போகும் கேள்விகள் நியாயமானவை. கம்பெனிக்கு இருக்கும் இரண்டு கணக்குகளில் எந்தக் கணக்கு? நிர்வாக இயக்குநர் தனியாகக் கையெழுத்திடலாமா, இன்னொருவரோடு சேர்ந்தா? பழையவரின் கையெழுத்து ரத்தா, இல்லையா? “இனி” என்றால் எந்தத் தேதியிலிருந்து? “கவனித்துக்கொள்வது” என்பதில் கடன் வாங்குவதும் அடங்குமா?

கடைசிக் கேள்விதான் எல்லாவற்றிலும் கனமானது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 179ஆவது பிரிவில், சில அதிகாரங்களை இயக்குநர் குழு கூட்டத்தில் தீர்மானம் போட்டுத்தான் பயன்படுத்த வேண்டும் என்கிறது. கடன் வாங்குவது அதில் ஒன்று. வங்கியோடு ஓவர்டிராஃப்ட் அல்லது கேஷ் கிரெடிட் ஏற்பாடு செய்துகொள்வதுதான் இங்கே கடன் வாங்குவதாகக் கருதப்படும். அப்படிப் பெற்ற வரம்புக்குள் அன்றாடம் பணம் எடுப்பதும் போடுவதும் அதில் சேராது என்று அதே பிரிவின் விளக்கம் பிரித்துச் சொல்கிறது. ஆக, கணக்கை இயக்கும் அதிகாரம் வேறு, கடன் ஏற்பாடு செய்யும் அதிகாரம் வேறு. “வங்கி விவகாரங்கள்” என்ற இரண்டு வார்த்தைகள் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிட்டன. எச்சரிக்கையான அதிகாரி அந்த நகலைத் திருப்பி அனுப்புவார். எச்சரிக்கை இல்லாதவர் ஏற்றுக்கொண்டுவிட்டால் சிக்கல் பின்னால் வரும், பெரிதாகவே வரும்.

தொகை எழுதாத கடன் தீர்மானம் பற்றிய வழக்கு ஒன்று 1856இல் இங்கிலாந்தில் முடிந்தது. வேல்ஸ் பகுதியைச் சேர்ந்த ஒரு நிலக்கரி, ரயில்வே கம்பெனி, ராயல் பிரிட்டிஷ் வங்கியிடம் 2,000 பவுண்டு கடன் வாங்கியிருந்தது. பங்குதாரர் கூட்டம் தீர்மானிக்கும் தொகைக்கு இயக்குநர்கள் கடன் வாங்கலாம் என்பது கம்பெனியின் உள்விதி. கடனைத் திருப்பிக் கேட்டபோது, கூட்டத் தீர்மானம் தொகையைக் குறிப்பிடவே இல்லை, எனவே கடன் செல்லாது என்று கம்பெனி தரப்பு வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. வெளியிலிருந்து வரும் ஒருவர், உள்ளே நடக்க வேண்டியவை முறையாக நடந்திருக்கும் என்று நம்பலாம் என்றது. டர்குவாண்ட் வழக்கு என்று இன்றும் சட்ட மாணவர்கள் படிப்பது இதைத்தான். தீர்மானத்தில் விடுபட்ட தொகை கம்பெனியைக் காப்பாற்றவில்லை.

ஆனால் கம்பெனியே வழக்குப் போடும்போது இந்த நம்பிக்கை அதன் துணைக்கு வராது. ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூருக்கு எதிராகக் கிங்ஸ்டன் கம்ப்யூட்டர்ஸ் என்ற கம்பெனி தொடுத்த வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வழக்கில் கையெழுத்திட்டவருக்குக் கம்பெனியின் தலைமைச் செயல் அதிகாரி கொடுத்த அதிகாரக் கடிதம் இருந்தது. ஆனால், இன்னொருவரை வழக்குப் போட அனுமதிக்கும் அதிகாரத்தை இயக்குநர் குழு அந்தத் தலைமை அதிகாரிக்குத் தீர்மானம் மூலம் கொடுத்ததாகக் காட்ட முடியவில்லை. அந்தக் கடிதம் வெறும் காகிதத் துண்டு என்று நீதிமன்றம் சொன்னது. கீழ் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது சரி என்று ஆனது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. யுனைடெட் பேங்க் ஆஃப் இந்தியா சம்பந்தப்பட்ட 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில் இதே உச்ச நீதிமன்றம், கையெழுத்திட்டவரின் அதிகாரத்தில் குறை இருந்தாலும் நிறுவனம் பின்னர் அதை ஏற்று உறுதிப்படுத்தலாம், நடத்தையிலிருந்தே அந்த ஒப்புதலை ஊகிக்கவும் இடமுண்டு என்று கூறியிருந்தது. ஆனாலும், ஒரு வரியில் முடிந்திருக்க வேண்டிய விஷயத்தை நிரூபிக்க உச்ச நீதிமன்றம் வரை போவது எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படியாகாது.

இப்போது கோவைக் கம்பெனியின் தீர்மானத்தை எடுத்துத் திருத்தலாம். நடைமுறையில் இவை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகின்றன. இங்கே தமிழில்:

“15.7.2025 முதல், கம்பெனியின் பெயரில் இன்ன வங்கியின் இன்ன கிளையில் உள்ள, இன்ன எண் கொண்ட நடப்புக் கணக்கை, நிர்வாக இயக்குநரும் இயக்குநர் திரு. ‘க’வும் இணைந்து கையெழுத்திட்டு இயக்க அதிகாரம் அளிக்கப்படுகிறது என்றும், இந்தக் கணக்கை இயக்குவது குறித்து 4.9.2021 அன்று நிறைவேற்றிய தீர்மானம் அதே நாள் முதல் ரத்தாகிறது என்றும், 14.7.2025 வரை பழைய ஏற்பாட்டின்படி கையெழுத்தாகி வெளியே கொடுக்கப்பட்டு, இத்துடன் இணைத்த பட்டியலில் உள்ள காசோலைகளை வங்கி ஏற்றுப் பணம் வழங்கலாம் என்றும் இயக்குநர் குழு தீர்மானிக்கிறது.”

நீளம் கூடிவிட்டதுதான். ஆனால் முன்பு இருந்த வரியில் “பேசி முடிவு செய்யப்பட்டது” என்று நடந்ததைச் சொல்லும் கதை இருந்தது. இதில் ஒரு செயல் இருக்கிறது. இந்தியக் கம்பெனி செயலர்கள் நிறுவனம் வெளியிட்டுள்ள முதல் செயலகத் தரநிலை இதற்கென்றே விதி வைத்திருக்கிறது. கூட்டக் குறிப்பை இறந்த காலத்தில் எழுத வேண்டும், தீர்மானத்தை மட்டும் நிகழ்காலத்தில் எழுத வேண்டும். விவாதம் நடந்து முடிந்துவிட்டது. தீர்மானம் அதைப் படிக்கிற நேரத்திலும் செயல்பட்டுக்கொண்டிருக்கிறது. பழைய தீர்மானத்தை மாற்றினால் அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும் என்பதும் அதே தரநிலையில் உண்டு. 4.9.2021 தீர்மானத்தை ரத்து செய்யாமல் விட்டிருந்தால், வங்கியின் கோப்பில் உயிரோடு இரண்டு தீர்மானங்கள் இருந்திருக்கும்.

கடனுக்குத் தனித் தீர்மானம். அதில் 179ஆவது பிரிவைக் குறிப்பிட்டு, எந்த வங்கி, என்ன வகைக் கடன், எந்த ஒரு நேரத்திலும் நிலுவை ரூ.2 கோடியைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு, என்ன சொத்தை ஈடு வைக்கலாம், யார் கையெழுத்திடலாம் என்பதை எழுத வேண்டும். “இது தொடர்பான அனைத்துச் செயல்களையும் செய்யலாம்” என்ற பழக்கமான வால் ஒன்று எல்லாத் தீர்மானத்திலும் தொங்கும். அது இருக்கட்டும், ஆனால் “இந்தக் கடன் வரம்பைப் பெறுவதற்குத் தேவையான” என்று அதைக் கட்டிப்போட வேண்டும். நிர்வாக இயக்குநர் தன் அதிகாரத்தை மேலாளருக்குக் கொடுக்கலாமா என்பதையும் ஒரு வார்த்தையில் சொல்லிவிட வேண்டும். கிங்ஸ்டன் வழக்கில் விழுந்த ஓட்டை அதுதான்.

தேதிக்கு வருவோம். ஏன் 15? மூத்த இயக்குநரின் விலகல் கடிதம் ஜூன் 27 அன்று கம்பெனிக்குக் கிடைத்தது. ஜூலை 15 முதல் விலகுவதாக அதில் எழுதியிருந்தார். கடிதம் கம்பெனிக்குக் கிடைத்த நாள், கடிதம் குறிப்பிடும் நாள், இந்த இரண்டில் எது பிந்தியதோ அன்றுதான் விலகல் நடைமுறைக்கு வரும் என்பது 168ஆவது பிரிவு. ஆக, கூட்டம் நடந்த நாள் ஒன்று, கடிதம் வந்த நாள் ஒன்று, அவர் பதவி முடியும் நாள் ஒன்று. தீர்மானத்தில் “உடனடியாக” என்று எழுதியிருந்தால், ஜூலை 10 முதல் 14 வரை அவர் இயக்குநராக இருந்தும் கையெழுத்திட முடியாதவர். “விலகிய நாள் முதல்” என்று எழுதியிருந்தால், அது எந்த நாள் என்று கண்டுபிடிக்கும் வேலை வங்கி அதிகாரியின் தலையில் விழும். காலண்டர் தேதியை எண்ணில் எழுதிவிட்டால் இந்தச் சந்தேகங்கள் எழவே வழியில்லை.

சில கம்பெனிகளில் ஒரு ஆபத்தான பழக்கம் உண்டு. ஏப்ரலில் யாரோ கையெழுத்திட்டுவிட்டார், ஜூலையில்தான் கூட்டம் நடந்தது என்றால், தீர்மானத்துக்கே ஏப்ரல் தேதி போடுவது. அது பொய் ஆவணம். செய்ய வேண்டியது வேறு: “1.4.2025 அன்று கம்பெனியின் சார்பில் இன்னார் கையெழுத்திட்ட இன்ன ஒப்பந்தத்தை இயக்குநர் குழு இன்று ஏற்று உறுதிசெய்கிறது” என்று வெளிப்படையாக எழுதலாம். முடிவின் தேதி ஜூலை, அது தொடும் செயலின் தேதி ஏப்ரல் என்று இரண்டும் தனித்தனியே தெரியும். இயக்குநர் குழுவின் அதிகாரத்துக்குள் இல்லாத ஒன்றை இப்படிக் காப்பாற்ற முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

முதலில் எழுதிய அந்த ஒற்றை வரித் தீர்மானத்தை வங்கி ஜூலை 16 அன்று திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். குறிப்பேட்டில் ஏறியதை மையால் திருத்த முடியாது; பிந்தைய கூட்டத்தில் இயக்குநர் குழு ஒப்புக்கொண்டால் மட்டுமே மாற்றலாம். கூட்டத்துக்குக் குறைந்தது ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும், அவசர வேலை என்றால் அதைக் குறைக்கலாம். பழையவர் போய்விட்டார், கூட்டுக் கையெழுத்துக்கு ஆள் இல்லை, மாதக் கடைசியில் சம்பளம் போட வேண்டும்.

கையெழுத்து மாற்றத்துக்கு மட்டும் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. 179ஆவது பிரிவின் பட்டியலில் அது இல்லாததால், 175ஆவது பிரிவின்படி கூட்டம் போடாமலே வரைவைச் சுற்றுக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கலாம். மீதமிருப்பவர்கள் இரண்டே இயக்குநர்கள் என்பதால் இருவரும் சம்மதிக்க வேண்டும். அவர்களில் ஒருவர் கூட்டத்தில்தான் முடிவு செய்ய வேண்டும் என்று கேட்டாலே அது கூட்டத்துக்குப் போய்விடும். இருவரும் ஒப்புதல் தந்தால், வேறு தேதி எதையும் தீர்மானம் குறிப்பிடாதபோது, அந்த நாளிலிருந்தே அது செல்லும். அடுத்த கூட்டத்தில் அதைப் பதிவு செய்துகொண்டால் போதும். ரூ.2 கோடி கடன் வரம்பை மட்டும் இந்தச் சுற்றில் சேர்க்க முடியாது. அது கூட்டம் நடக்கும் வரை காத்திருக்கத்தான் வேண்டும்.