வெளிநாட்டுக்கு வீட்டுச் சாமான்களை அனுப்பப் போறீங்களா? முதலில் அஞ்சறைப்பெட்டியைக் கவனிங்க!

வேளச்சேரியில் இருந்து ஒரு குடும்பம் மெல்போர்னுக்குக் குடிபெயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். சோபா, கட்டில் எல்லாவற்றையும் விற்றாச்சு. மிச்சம் 30 அட்டைப்பெட்டிகள். பாத்திரம், புத்தகம், துணிமணி, கொலு பொம்மைகள், ஒரு கிரைண்டர். ‘டோர் டு டோர்’ என்று பேசி முன்பணமும் கட்டியாச்சு. இனி கவலையில்லை என்று நினைக்கும் இடத்தில்தான் செலவு ஆரம்பிக்கிறது.

கட்டணம் பெரும்பாலும் எடைக்கு அல்ல, இடத்துக்கு. 60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் உள்ள ஒரு பெட்டி சுமார் 0.12 கன மீட்டர். 30 பெட்டிகள் என்றால் 3.6 கன மீட்டர். கிரைண்டருக்கான மரக்கூடு, சைக்கிள் எல்லாம் சேர்ந்தால் 5-ஐத் தொடும். 20 அடி கன்டெய்னரில் சுமார் 33 கன மீட்டர் இடம் இருப்பதால், இவ்வளவு கொஞ்சம் சாமானுக்குத் தனி கன்டெய்னர் தேவையில்லை. மற்றவர்களின் சரக்கோடு சேர்த்து அனுப்புவார்கள். செலவு குறையும், ஆனால் கூடுதல் நாட்கள் பிடிக்கும். போனில் உத்தேசமாகச் சொன்ன அளவை நம்பாமல், வீட்டுக்கு வந்து அளந்து, எழுத்தில் தரச் சொல்வது நல்லது.

‘இதர சாமான்கள்’ என்று எழுதாதீங்க

எல்லாம் நின்று போவது பேக்கிங் லிஸ்ட்டில். ‘பெட்டி 14: சமையலறைச் சாமான்கள்’ என்று மட்டும் எழுதினால், உள்ளே என்ன இருக்கிறது என்று அதிகாரிக்குத் தெரியாது. பிரித்துப் பார்க்கத் தோன்றும். ‘பெட்டி 14: எவர்சில்வர் பாத்திரம் 9, குக்கர் 1, மிக்ஸி 1, எல்லாம் பயன்படுத்தியவை’ என்று எழுதினால் பாதிக் கேள்வி அங்கேயே முடிந்துவிடும். (மிக்ஸியை விற்க வேண்டாம். அங்கேயும் 230 வோல்ட்தான், பிளக் மட்டும் வேறு.)

ஆஸ்திரேலியாவில் சுங்கத்தை விடக் கறாரானது உயிரிப் பாதுகாப்புச் சோதனை. ‘காப்ரா’ என்ற தானிய வண்டுதான் அவர்களின் பெரிய பயம். நம் பக்கத்துப் பூச்சி. சின்ன இடுக்கில் ஒளிந்து, இரையே இல்லாமல் நீண்ட காலம் தாக்குப்பிடிக்கும். அதனால் 2020 முதல் அரிசி, பருப்பு வகைகள், சீரகம், கொத்தமல்லி விதை, காய்ந்த மிளகாய் போன்றவற்றை வீட்டுச் சாமானோடு அனுப்பத் தடை உள்ளது. அம்மா பாசத்தில் பெட்டி ஓரத்தில் செருகும் சாம்பார் சாமான் பொட்டலம் இதில்தான் மாட்டும். அஞ்சறைப்பெட்டியின் மூலையில் ஒட்டிய சீரகமும் பிரச்சினையே. கிரைண்டர், முறம், கோரைப்பாய், மண் ஒட்டிய ஷூ, சைக்கிள் டயர் எல்லாவற்றையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். முறமும் பாயும் இல்லாமல் வாழ முடியும் என்றால் இங்கேயே விட்டுவிடலாம்.

ஏதாவது சிக்கினால் சுத்திகரிப்பு, திருப்பி அனுப்புதல், அழித்தல் என்று ஏதோ ஒரு வழியில் முடியும். எதுவானாலும் செலவு உரிமையாளர் தலையில்.

இன்னொரு கணக்கு வரி. குடியேறுபவர் வெளிநாட்டில் குறைந்தது 12 மாதம் சொந்தமாக வைத்துப் பயன்படுத்திய பொருட்களுக்குத்தான் பொதுவாக விலக்கு. கிளம்பும் வாரத்தில் வாங்கிய புதுப் பாத்திரத்தைத் தனியாகக் காட்டி, பில்லையும் வைத்திருக்க வேண்டும். இதற்கான படிவம் B534.

இங்கிருந்து கிளம்பும்போதும் ஒரு சோதனை உண்டு. பூஜை அறையில் இருக்கும் தாத்தா காலத்து வெண்கலச் சிலை 100 வருடத்தைத் தாண்டியிருந்தால் அது தொல்பொருள், தனிநபர் ஏற்றுமதி செய்ய முடியாது. பார்வைக்குப் பழசாக இருக்கும் புதுச் சிலைக்கும், அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே சான்றிதழ் வாங்கிக்கொள்வது நல்லது. கொலுவில் வைத்த மயிலிறகும் வேண்டாம். அதன் ஏற்றுமதிக்குத் தடை இருக்கிறது.

‘டோர் டு டோர்’ எதுவரை?

பொதுவாக வீட்டில் பேக் செய்வது, துறைமுகம் கொண்டுபோவது, ஏற்றுமதி அனுமதி, கப்பல் கட்டணம், அங்கே சுங்க வேலை, புது வீட்டு வாசலில் இறக்குவது வரை சேரும். சோதனைக் கட்டணம், சுத்திகரிப்பு, குடோன் வாடகை, லிஃப்ட் இல்லாத மாடிக்கு ஏற்றும் கூலி ஆகியவை பல கொட்டேஷன்களில் இருக்காது. ‘இதில் எது எது சேராது?’ என்று கேட்டு, பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

காசு மிச்சம் பிடிக்க நாமே பேக் செய்தால், லிஸ்ட்டில் ‘உரிமையாளர் பேக் செய்தது’ என்று குறிப்பார்கள். அந்தப் பெட்டியில் கண்ணாடி உடைந்தால் பல காப்பீடுகள் பணம் தராது. துணியையும் புத்தகத்தையும் நீங்கள் கட்டலாம். பீங்கானையும் கொலு பொம்மையையும் அவர்களிடமே விட்டுவிடுங்கள். பாஸ்போர்ட், சான்றிதழ், நகை மட்டும் கைப்பையில்.