‘உங்க டைப் என்ன?’

சாட்டில் இந்தக் கேள்வி வந்தால் பலரும் “நல்ல மனசு இருந்தா போதும்” என்று அனுப்பிவிடுகிறார்கள். பொய்யில்லை. ஆனால் கெட்ட மனசு வேண்டும் என்று யாரும் கேட்பதில்லையே! இன்னும் சிலர் உயரம், சம்பளம் என்று ரேஷன் பட்டியல் போல அடுக்குகிறார்கள். அந்தப் பட்டியலாவது நிஜமா?

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஈஸ்ட்விக், ஃபிங்கல் என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்து 2008இல் வெளியிட்டார்கள். துணையிடம் அழகும் வருமானமும் எவ்வளவு முக்கியம் என்று மாணவர்களிடம் முதலில் கேட்டுக்கொண்டு, பிறகு நான்கு நான்கு நிமிடம் நேரில் பேசவிட்டார்கள். முன்பு சொன்னதற்கும், நேரில் யாரைப் பிடித்தது என்பதற்கும் பெரிதாகத் தொடர்பே இல்லை.

அதற்காகப் பட்டியல் எல்லாமே வெறும் பேச்சு என்று சொல்லிவிட முடியாது. கொல்கத்தாவின் பத்திரிகை மணமக்கள் விளம்பரங்களை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்டோர் ஆராய்ந்தபோது (2013), விளம்பரம் கொடுத்தவர்கள் தங்களுக்கு வந்த கடிதங்களில் எதை எடுத்து வைத்தார்கள் என்பதிலேயே சொந்த சாதிப் பற்று அப்பட்டமாகத் தெரிந்தது. காகிதத்திலேயே பார்த்துக் கழித்துவிடக்கூடிய நிபந்தனையை மனிதர்கள் விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசினால்தான் தெரியும் குணத்தில்தான் கணக்கு தப்புகிறது. ஆகவே நிபந்தனை வேறு, ஈர்ப்பு வேறு. நிபந்தனையை நேராகச் சொல்லலாம். ஈர்ப்பை நடந்ததிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

திருவொற்றியூரில் இருந்து எண்ணூர் ஃபேக்டரிக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். “கலகலப்பான ஆள்தான் என் டைப்” என்பது அவள் நினைப்பு. இதுவரை மனசுக்குப் பிடித்த இரண்டு பேரை யோசித்துப் பார்த்தால், இருவருமே அதிகம் பேசாதவர்கள். கன்டெய்னர் லாரி வரிசையில் ஷேர் ஆட்டோ சிக்கி, எல்லாரும் டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தபோது ஒருவன் இறங்கிப் போய் வழி விடச் சொல்லிவிட்டு வந்தான். இன்னொருவனும் அந்த மாதிரிதான், பதறாத ஆள். அப்படியானால் அவள் அனுப்ப வேண்டியது:

“டென்ஷன் ஆகாதவங்கள எனக்குப் பிடிக்கும். டிராஃபிக்ல மாட்டினா கத்தாம, என்ன பண்ணலாம்னு பார்க்கிறவங்க. அப்புறம், எனக்கு நைட் ஷிஃப்ட் வரும். அது ஓகேவா இருக்கணும். நீங்க எப்படி?”

குணம் ஒன்று, அதற்கு ஒரு காட்சி, விட்டுக்கொடுக்க முடியாத நிபந்தனை ஒன்று. நிபந்தனை நான்கைத் தாண்டினால் இன்டர்வியூ வாடை வந்துவிடும். ‘கூடாது’ என்று முடியும் வாக்கியங்களும் அப்படித்தான். “கத்துறவங்க கூடாது” என்றிருந்தால் படிப்பவர் அப்போதே தற்காப்புக்குப் போயிருப்பார்.

பதில் வேலை செய்ததா என்பது அடுத்த மெசேஜில் தெரியும். “நைஸ்” என்று மட்டும் வந்தால் பேச்சு நகரவில்லை. “ஐயோ, நான் டிராஃபிக்ல பயங்கரமா கத்துவேங்க” என்று வந்தால், அவளுக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது.